அம்மாவின் வெற்றிலைப் பையில் பூசணி விதை

அம்மாவின் வெற்றிலைப் பைக்கு நான்கு அறைகள். ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் பாக்கு, ஒன்றில் புகையிலை, கடைசியில் சுண்ணாம்பு டப்பி. சுருக்குக் கயிற்றை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் காலையில் பெரட்டுக்குப் போவார். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று அங்கேதான் பிரித்துக் கொடுப்பார்கள். கொழுந்துப் பையை மறந்து, எங்கள் வீடு இருக்கும் லயத்துக்குத் திரும்பி ஓடி வந்த நாட்கள் உண்டு. வெற்றிலைப் பையை மறந்த நாள் கிடையாது.

டிக்கோயாவில் பல் கிளினிக்குக்கு நாங்கள் போனது ஒரு கடைவாய்ப் பல்லுக்காக. டாக்டர் பல்லைப் பார்த்ததைவிட வலது கன்னத்தின் உட்புறத்தை அதிக நேரம் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அவர் சிங்களத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் இன்றோடு விட வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார். திட்டு அப்படியே இருந்தால் ஒரு சிறு துண்டு வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சுண்ணாம்ப ஒண்ணும் சொல்லலியே?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

மூன்று மாதம். அன்றிரவு சாப்பிட்டு முடித்த கையோடு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரும் கொழுந்தையும் போகும் தூளையும் சோதிப்பது என் வேலை. பட்டியல் போடாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. வெற்றிலைக்குப் பதிலாக வாயில் போடக்கூடியது என்று தலைப்பிட்டேன். இனிப்பாக இருக்கக் கூடாது, காரம் கூடாது, இடுப்பில் கொண்டுபோக வேண்டும், மலையில் நின்றபடியே சாப்பிட வேண்டும். கிராம்பு, மிட்டாய், வறுத்த கச்சான் கடலை என்று ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். கச்சானை அம்மாவே அடித்தார். அது அவருக்குப் பித்தம். கடைசியில் விதைகள் மிஞ்சின.

அப்பா நோட்டை எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு லயத்து முன்னால் காய்கறி போடுவதுதான் அவர் வேலை.

"பூசணி வெத, வத்தகப்பழ வெத, சூரியகாந்தி வெத. ஏம்மா, நம்ம வீட்டுல கிளி எதுவும் வளக்கப் போறோமா?"

"வெத்தல போட்டப்ப மட்டும் என்ன, வாய் செவந்து கிளியாட்டந்தான் இருந்தேன்" என்றார் அம்மா.

அடுத்த நாளே டிக்கோயா டாக்டரின் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். முன்பல்லால் உடைக்கட்டும், கன்னத்தில் அடக்கி வைக்க வேண்டாம், உப்பு குறைவாக, மிளகாய் கிடையவே கிடையாது என்று பதில் வந்தது. பட்டியலில் இன்னும் மூன்று வரிகள் சேர்ந்தன.

பூசணி விதைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் கோவிலில் அன்னதானம். பூசணிக்காய் நறுக்கிய பெண்களிடம் சொல்லிவைத்து ஒரு வாளி நிறையச் சதையும் நாருமாக வாங்கி வந்தேன். வத்தகப்பழம், அதாவது தர்ப்பூசணி, எங்கள் குளிரில் காய்க்காது, கீழ்நாட்டிலிருந்து லொறியில்தான் ஏறி வரும். ஹட்டனில் ஜூஸ் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, வடிகட்டியில் தங்கும் விதையை இரண்டு நாள் சேர்த்து வைத்துத் தந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பார்த்தால் பைத்தியம் மாதிரி இல்லையே என்று மட்டும் ஒரு பார்வை பார்த்தார். தோலோடு இருக்கும் சூரியகாந்தி விதை பக்கத்துப் பலசரக்குக் கடையில் ஒரு சாக்கில் கிடந்தது. மருந்து எதுவும் அடிக்காததுதானா என்று மூன்று முறை கேட்டேன். கடைக்காரர் பொறுமையிழந்து ஒன்றை எடுத்து என் கண் முன்னாலேயே உடைத்துத் தின்று காட்டினார்.

மூன்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்க முடியாது. அளவு வேறு, தோலின் தடிப்பு வேறு. பூசணி விதையை வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்தால் நார் தனியே கழன்று விதை மேலே மிதக்கும். அதை அள்ளி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தேன். இப்படிச் செய்தால் உப்பு தோலின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்காமல் உள்ளேயும் கொஞ்சம் இறங்கும். சூரியகாந்தியை ஓர் இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும். வத்தக விதையின் மேல் ஒரு வழுவழுப்பு இருக்கும், அது போகும்வரை துணியில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு காய வைப்பது. முதல் தடவை செய்தித்தாளில் பரப்பியதில், பூசணி விதையோடு பாதிச் செய்தியும் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த தடவை சுளகில் துணி விரித்தேன். வெயில் பட்டியலில் இருந்தது, வானத்தில் இல்லை. அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் இரண்டு நாள் வைத்து எடுத்தேன்.

தாச்சிச் சட்டியைச் சூடாக்கி, தணலைக் குறைத்து, கை நிறுத்தாமல் கிளற வேண்டும். பூசணி விதை முதலில் சும்மா கிடக்கும். பிறகு ஒன்று வெடிக்கும், அதன் பின் நாலைந்து. உப்பி, லேசாகப் பொன்னிறம் ஏறியதும் இறக்கிவிட வேண்டும். சூரியகாந்தியில் நிறத்தை நம்ப முடியாது, தோல் ஏற்கெனவே கறுப்பு. ஒன்றை உடைத்து உள்ளே பருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வத்தக விதை எல்லாவற்றையும் விடப் பிடிவாதக்காரி. இறக்கும்போது எதுவுமே மொறுமொறுவென்று இராது. அம்மா சூட்டோடு ஒன்றைக் கடித்துவிட்டு, "மெதுக்குனு இருக்கே" என்றார். ஆறட்டும் என்றேன். ஆறியதும் கடித்தார், 'டக்' என்று சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மாலை மலையிலிருந்து வந்தவர் பையை என் மடியில் கவிழ்த்தார்.

"இந்தா ஒன் வெத. பத்து மணிக்கு மூடுபனி எறங்குச்சு. பத்தரைக்கு இது ரப்பர்."

கொழுந்தின் ஈரத்தைச் சதவீதக் கணக்கில் சொல்லும் நான், எங்கள் மலையின் மூடுபனியைப் பட்டியலில் எழுத மறந்திருந்தேன். திரும்ப வறுத்தேன். இந்த முறை முழுதாக ஆறிய பிறகு பெரிய மாவு டின்னில் கொட்டி, நடுவில் துணியில் முடிந்த ஒரு பிடி தேயிலைத் தூளை வைத்தேன். நன்றாகக் காய்ந்த தூள் சுற்றியிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தூள் அப்படி ஈரம் இழுத்துவிடாமல் காப்பதுதான் வேலையில் என் தினசரிப் பயம். விதை மொறுமொறுப்பாகவே இருந்தது. மூன்றாம் நாள் வீட்டில் தூள் தீர்ந்துபோய், அப்பா அந்த முடிச்சை அவிழ்த்துத் தேத்தண்ணி போட்டுவிட்டார்.

"இன்னிக்கு தேத்தண்ணியில கோயில் அன்னதான வாசம் வருதே" என்றார். ஆனாலும் முழுக்கக் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

மலைக்குக் கொண்டுபோவதற்குச் சிறு சிறு பொலித்தீன் பொட்டலங்கள் செய்தேன். வாயை மடித்து, உடைந்த இரும்பு ரம்பத் தகட்டின் ஓரத்தில் வைத்து, மெழுகுவர்த்திச் சுவாலையில் ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு பொட்டலத்துக்கு ஒரு பிடி. ஒன்றைத் திறந்தாலும் மற்றவை நமத்துப் போகாது.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அம்மா ஒரு நாள், "தோலு ஒரு வேல வக்கிதுடி" என்றார். நான் அதைக் குறைபாடு என்று எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உடைத்தேன். சூரியகாந்தியைச் சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி நசுக்கி, தண்ணீரில் கொட்டினால் தோல் மிதக்கும், பருப்பு அடியில் போகும். அதை வடித்துத் திரும்பக் காய வைத்து, மறுபடி லேசாக வறுக்க வேண்டும். பூசணியை ஓரத்தில் நகத்தால் கீறிப் பிளந்தேன். வத்தக விதையைக் கூர்முனையில் பிடித்துக் குறடால் அழுத்தினேன். பாதி பருப்பாக வந்தது, பாதி மாவாக. மாலையில் என் விரல் நுனிகள் எரிந்தன. முழு டின் விதை ஒரு சிறிய ஜாம் போத்தல் பருப்பாகியிருந்தது. வெள்ளை, பச்சை, சாம்பல் நிறங்களில் அழகாக இருந்தது. பொட்டலம் கட்டி ஒட்டி, நாள்களை எழுதி, பையின் அறைகளில் வைத்தேன். அம்மாவிடம் கொடுத்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

புதன்கிழமை மாலை அம்மா வீட்டுக்குள் வந்ததும் நேராகப் பின்பக்கம் போய் வாய் கொப்பளித்தார். அதிக நேரம் கொப்பளித்தார்.

"வாயக் காட்டுங்க" என்றேன்.

"நீ என்ன டாக்டரா?"

"காட்டுங்கம்மா."

நாக்கின் ஓரம் சிவப்பு. அடுத்த கிளினிக் நாளுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது.

அம்மா அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

"பாரு புள்ள, அந்தப் பருப்ப வாயில போட்டேன். ரெண்டு கடி, முடிஞ்சு போச்சு. ஒரு நாளு பொட்டலம் எட்டு மணிக்கே காலி. அப்புறம் சாயந்தரம் வரைக்கும் சும்மா நிக்கிறேன். தேத்தண்ணி நேரத்துல எல்லாரும் வட்டமா குந்தி, ஒருத்தி வெத்தல எடுப்பா, ஒருத்தி பாக்கு வெட்டுவா, ஒருத்தி சுண்ணாம்பு தடவுவா. நான் மட்டும் கைய மடியில வச்சிக்கிட்டு இருக்கேன். ஒங்க அத்த நீட்டுனா. எத்தன வாட்டி வேணாங்குறது? மூஞ்சி சுருங்குதுல்ல."

அத்தை என்றால் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடான காம்பராவில் இருப்பவர். அம்மாவோடு ஒரே நிரையில் முப்பது வருடமாகக் கொழுந்து எடுப்பவர். சொந்த அத்தை இல்லை, அதைவிட நெருக்கம்.

அன்றிரவு என் பட்டியலைத் திரும்பப் படித்தேன். மொறுமொறுப்பு இருந்தது, உப்பு அளவு இருந்தது, எடுத்துப்போகும் வசதி இருந்தது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற ஒரு வரி இல்லை. எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பதும் இல்லை. நான் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கழற்றி எறிந்தது, அம்மாவுக்கு வேண்டியிருந்த வேலையைத்தான்.

வியாழக்கிழமை தோலோடு வறுத்தேன். மூன்று மடங்கு வறுத்தேன். போத்தலில் இருந்த பருப்பை அப்பா சோற்றில் தூவிச் சாப்பிட்டார். கொஞ்சம் மிஞ்சியது ஒரு மாதத்தில் காறல் வாடை அடித்தது. தோல் இல்லாத பருப்பு சீக்கிரம் கெடும் என்று படித்ததை அப்போதுதான் மூக்கால் புரிந்துகொண்டேன்.

வெள்ளி மாலை அத்தையே வாசலில் வந்து நின்றார். அவர் உதட்டோரம் ஒரு கறுப்புத் தோல் ஒட்டியிருந்தது.

"ஏம் மருமகளே, அந்த வத்தக வெதய எப்புடி ஒடைக்கிறது? எனக்கு பல்லு போயிரும் போல."

"நட்டமா நிறுத்தி, கூர்ப் பக்கத்த முன்பல்லுல வச்சு அழுத்துங்க அத்த. படுக்க வச்சா நசுங்கிரும்."

"ஒங்கம்மா அம்புட்டு லேசா ஒடைக்கிறாளே! அணிலு மாதிரி. ஒரு வெதய வச்சிக்கிட்டு கால் மணி நேரம் எங்க கதயெல்லாம் புடுங்கிட்டா."

"மதினிக்கி வெத்தல போட்டா வாய் கோணும், வெத கடிச்சா மனசு கோணுது" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

வட்டம் மறுபடி கூடிவிட்டது என்று புரிந்தது. இப்போது அம்மாவிடம் நீட்டுவதற்கு ஏதோ இருந்தது. அத்தை பூசணிக் கட்சி, இன்னொருவர் சூரியகாந்திக் கட்சி. கங்காணி ஐயா வத்தக விதை கேட்டாராம், பல் கட்டியிருக்கிறவர் என்பதால் கொடுக்கவில்லையாம்.

அதற்கடுத்த வாரம் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டும் நீண்ட தொட்டியின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பச்சைக்கு நடுவில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. குனிந்து எடுத்தேன். இரண்டாகப் பிளந்த வத்தக விதைத் தோல். இரண்டடி தள்ளிக் கோடு போட்ட சூரியகாந்தித் தோல் ஒன்று. தொடர்ந்து தேடினேன். ஒன்பது கிடைத்தன. கொழுந்தில் வேறு பொருள் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும், இருந்தால் எந்த மலையிலிருந்து வந்தது என்று எழுதிக் கொடுப்பதும் என் வேலை. எந்த மலை என்று கண்டுபிடிக்க எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அந்த விதையை ஓர் இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்ததே நான்.

எழுதிக் கொடுத்தேன். வேறு வழி இல்லை. அன்று மாலையே, கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மலையில் அறிவித்துவிட்டார். அடுத்த முறை ஒரு தோல் தொட்டியில் கிடந்தால், கொழுந்து எடுக்கும் நேரத்தில் யார் வாயிலும் எதுவும் இருக்கக் கூடாது, விதை முழுக்க நிறுத்தம்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க, எப்படிச் சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். வாசலிலேயே அம்மா இடுப்பில் கையை வைத்து நின்றார்.

"எழுதிக் குடுத்த மகராசி வந்துட்டா."

"நான்தான் எழுதுனேன்னு யாரு சொன்னாங்க?"

"ஒம்போது தோலுன்னு எண்ணிச் சொல்ல இந்தத் தோட்டத்துல வேற யாரு இருக்கா?"

அப்பா சிரித்த சிரிப்பு அடுத்த காம்பரா வரை கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விதை நின்றால் அடுத்த நாளே அந்த வட்டத்தில் வெற்றிலை வந்துவிடும். இன்னும் ஏழு வாரம் இருந்தது.

"தோல எங்க துப்புறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கன்னு துப்புறது? ரெண்டு கையும் கொழுந்துல. வாய் திரும்புன பக்கம்."

முதுகில் தொங்கும் பையில் கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் போடும்போது, தலையும் அந்தப் பக்கம் திரும்பும். நான் செய்து பார்த்தேன். தோல் சரியாகப் பைக்குள்தான் விழுகிறது. நடந்துகொண்டே கொழுந்து எடுக்கும்போது விதை கூடாது, நின்று உட்காரும் நேரத்தில் மட்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா வெற்றிலைப் பையை எடுத்து விரித்தார். ஓர் அறையில் பூசணி, ஓர் அறையில் வத்தகம், ஓர் அறையில் சூரியகாந்தி. நான்காவதில் சுண்ணாம்பு டப்பி அப்படியே இருந்தது, இத்தனை நாளும். டாக்டர் சொல்லாத ஒன்று.

அம்மா டப்பியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"செவத்துல பூசுங்க, இல்ல எறிஞ்சிருங்க. இனிமே குந்துற நேரத்துல மட்டுந்தான் வெத, இது தோலுக்கு."

மறுநாள் மாலை அந்த அறையிலிருந்து கொட்டிய தோல் ஒரு கைப்பிடி இருந்தது. அத்தைக்கும் மற்றவர்களுக்கும் அம்மாவே பழைய சேலைத் துணியில் ஆளுக்கொரு சின்னப் பை தைத்துக் கொடுத்தார். பை இல்லாதவருக்கு விதை இல்லை. விதியைப் போட்டது நானில்லை. ஏழு வாரமும் தொட்டியில் தினமும் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மாவும் தினமும் கேட்டார், "இன்னிக்கு எத்தன?" நான் பூஜ்யம் என்றால், "நல்லாப் பாத்தியா?" என்று என் வேலையின் தரத்தைச் சோதித்தார்.

கிளினிக் நாளன்று டாக்டர் கன்னத்தை விரித்துப் பிடித்து விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். அம்மாவின் கை என் கையைத் தேடியது. நான் பிடித்துக்கொண்டேன். திட்டு நன்றாகச் சுருங்கியிருக்கிறது, இப்போதைக்கு வெட்டி எடுக்க வேண்டியதில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். எப்படி விட்டீர்கள் என்று கேட்டதற்கு, அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் வெற்றிலைப் பையை மேசையில் வைத்துத் திறந்து காட்டினார். அதைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு பூசணி விதையை எடுத்துக் கடித்தார். தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கு, அம்மா நான்காவது அறையைத் திறந்து நீட்டினார்.

பஸ் வரும்வரை கடைத்தெருவில் நின்றோம். ஒரு விதையை உடைத்தபடி பேசிக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று சாலையைக் கடந்து நேராக வெற்றிலைக் கடைக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன்.

கடைக்காரர் பழக்கப்பட்டவர். பார்த்ததும் நாலு வெற்றிலையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"எங்கக்கா, மூணு மாசமா ஆளையே காணோம்?"

"வெத்தல வேணாம் தம்பி" என்றார் அம்மா. "அந்தப் பேப்பருல ஒரு துண்டு கிழிச்சிக் குடு. தோலுப் பை ரொம்பிப் போச்சு."